'சும்மா இரு' என்று சனி சொன்னாரா?

சிலிபினில் எங்கள் வரிசையில் ஜாதகப் புத்தகம் இல்லாத வீடு கிடையாது. மஞ்சள் தடவிய அந்த நோட்டு சாமி மேடைக்குக் கீழே, பிறப்புப் பத்திரமும் வீட்டு கிராண்ட்டும் இருக்கிற அதே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். யாருக்காவது வேலை போனால், மோட்டார் விழுந்தால், பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனால் உறை வெளியே வரும். புந்தோங் பக்கம் ஒருவரிடமோ, யூடியூப்பில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரிடமோ போகும். எல்லாரும் ஒரே வாக்கியத்தோடு திரும்பி வருவார்கள்: "நேரம் சரியில்ல, ஒரு ரெண்டு வருஷம் எதையும் புதுசா ஆரம்பிக்காம சும்மா இருங்க."

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. ஜோதிடத்தோடு இல்லை. 'எல்லாம் புருடா' என்று ஒரே அடியாக அடித்துவிட்டுப் போகிற கட்டுரைகள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றை எழுதியவர்களில் சிலர் தங்கள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வழி எனக்கு வேண்டாம். 'நேரம் சரியில்லை' என்பதும் 'சும்மா இரு' என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்று வராது என்பதுதான் என் வழக்கு. நடுவில் இருக்கிற கமாவை யார் போட்டது?

முதலில் கணக்கு. நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளன், எனக்குத் தெரிந்த கோணம் அதுதான்.

சனி சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 29½ வருஷம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம். பிறந்தபோது சந்திரன் நின்ற ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது, இந்த மூன்றிலும் சனி நடக்கிற காலம் ஏழரை. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டே கால் நாள் ஆகும். அதாவது அந்த இரண்டே கால் நாளுக்குள் உலகத்தில் எங்கே பிறந்தவனாக இருந்தாலும், ஈப்போவோ ஒஸ்லோவோ, எல்லாருக்கும் ஒரே நாளில் ஏழரை தொடங்கி ஒரே நாளில் முடியும். ஒவ்வொரு ராசிக்கும் இது பொருந்துவதால், எந்த நேரத்தில் எடுத்தாலும் மூன்று ராசிக்காரர்கள், அதாவது மனிதர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஏழரைக்குள் இருப்பார்கள்.

கால்வாசிதானே என்று ஆறுதல் அடைய வேண்டாம். ராசிக்கு எட்டில் வந்தால் அஷ்டமச் சனி, நாலில் அர்த்தாஷ்டமச் சனி, ஏழில் கண்டகச் சனி. ஐந்து, ஒன்பது, பத்துக்கும் நல்ல பெயர் இல்லை. கோசாரப் பலன் நூல்கள் சனிக்கு நல்ல இடம் என்று ஒத்துக்கொள்வது மூன்று, ஆறு, பதினொன்று மட்டும். சனி இப்போது மீனத்தில் என்று வைத்தால் மகரம், துலாம், ரிஷபம் மூன்றுக்கும்தான் நிம்மதி. மிச்சம் ஒன்பது ராசிக்கும் ஏதோ ஒரு பெயரில் 'சரியில்லை'. 'சரியில்லாத நேரத்தில் எதையும் ஆரம்பிக்காதே' என்பதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஒரு மனிதன் 29½ வருஷத்தில் 22 வருஷம் சும்மா இருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் நாலு இயந்திரத்தில் மூன்றுக்கு எப்போதும் அபாய மணி அடித்துக்கொண்டே இருந்தால், மணியைத்தான் முதலில் கழற்றிப் பார்ப்போம்.

இதை ஜோதிடத்துக்கு எதிரான வாதமாகப் படிக்க வேண்டாம். அந்த நூல்களை எழுதியவர்களுக்கு இந்தப் பெருக்கல் தெரியாமல் இருந்திருக்காது. முக்கால்வாசிப் பேருக்கு எப்போதும் ஏதோ ஒரு கஷ்டம் இருக்கும் என்பது, யோசித்துப் பார்த்தால், உலகத்தைப் பற்றிய சரியான விவரிப்புதான். அதிலிருந்து முக்கால்வாசிப் பேரும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும் என்று முடிவு கட்டியதுதான் பிற்பாடு வந்தது.

அடுத்தது எல்லைக்கோடு. சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போனது எப்போது? திருக்கணிதப் பஞ்சாங்கத்தைக் கேட்டால் 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கத்தைக் கேட்டால் 2026 மார்ச். ஏறக்குறைய ஒரு வருஷம் வித்தியாசம். திருநள்ளாறு கோவில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் 2025-இல் அங்கே பெயர்ச்சி விழா கிடையாது என்று கோவில் நிர்வாகமே அறிவிக்க வேண்டி வந்தது. முந்தைய பெயர்ச்சியும் அப்படித்தான்: திருக்கணிதத்தில் 2023 ஜனவரி 17, திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20. வாக்கியம் என்பது மனப்பாடமாக வந்த பழைய வாய்பாடு. திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்ட கணக்கு. எது உயர்ந்தது என்று இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் வானத்தில் இருக்கிற சனி ஒருவர்தான். விதி அந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது என்றால், எந்தக் கோட்டில் என்று சொல்லுங்கள்.

இது எப்படி ஒரு ஆளின் மேல் விழுகிறது என்பதற்கு என் பெரியம்மா மகனைச் சொல்கிறேன். அண்ணன் 1990 கடைசியில் பிறந்தவர், மகர ராசி. எஸ்பிஎம் முடித்து, தொழிற்பயிற்சிக் கழகத்தில் மின்சாரம் படித்து, இங்கேயே ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் ஆனார். கை சுத்தமான வேலைக்காரர். 2018-இல் முதலாளியே கூப்பிட்டு, சார்ஜ்மேன் பரீட்சை எழுது, வகுப்புக் கட்டணத்தில் பாதி நாங்கள் போடுகிறோம் என்றார். மின்பலகையைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்த எரிசக்தி ஆணையத்தின் அந்தச் சான்றிதழ் வேண்டும். கையில் வந்தால் அவருக்கு மாதம் 500 வெள்ளி கூடியிருக்கும்.

பெரியம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். தனுசில் சனி, மகரத்துக்கு விரயச் சனி, ஏழரை ஆரம்பம். "இரும்பும் கரண்டும் சனியோட சம்பந்தப்பட்டதும்மா. பரீட்சை எழுதினா பெயிலு, பாசானா ஆபத்து. ஏழரை முடியட்டும்." ஐம்பது வெள்ளி தட்சணை. அண்ணன் எழுதவில்லை. ஆனால் அதே தொழிற்சாலையில், அதே மின்பலகை பக்கத்தில், சான்றிதழ் இல்லாத டெக்னீஷியனாக தினம் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். இரும்பும் கரண்டும் விலகிப் போய்விடவில்லை. சம்பளம்தான் விலகிப் போனது. மாதம் 500, ஏழு வருஷம், 42,000 வெள்ளி. பலித்த விரயம் அதுதான், அதைப் பலிக்க வைத்தது கிரகமா தட்சணையா என்று நான் பெரியம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுவார்.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் வேறு. ஜோதிட மரபிலேயே ஒரு பாகுபாடு இருக்கிறது, எங்கள் பாட்டிக்குக்கூடத் தெரிந்தது. முதல் சுற்று ஏழரை மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி. இரண்டாவது சுற்று உழைப்பவனைத் தூக்கிவிடும் என்பது வழக்கு. அண்ணன் பிறந்தபோதே மகரத்துக்கு ஏழரை நடந்துகொண்டிருந்தது, 1990-களின் நடுவில், அவருக்கு ஐந்து வயது வாக்கில் முடிந்தது. ஆக 2017-இல் தொடங்கியது அவருக்கு இரண்டாவது சுற்று. பொங்கு சனி. பெரியம்மா கொண்டுபோன நோட்டின் முதல் பக்கத்திலேயே பிறந்த வருஷம் இருக்கிறது. சொன்னவர் தன் சாஸ்திரத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. பயப்படுத்துகிற பாதியை மட்டும் எடுத்துக் கொடுத்தார். விதியை நம்புகிறவர்கள் கோபப்பட வேண்டிய இடம் இது, பகுத்தறிவாளர்கள் அல்ல.

இன்னொன்றும் நடந்தது. சனி மகரத்துக்குள் வந்த 2020-இல்தான், மார்ச் 18 அன்று, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 'பாத்தியா, ஜென்மச் சனி, வீட்லயே உக்கார வெச்சிட்டாரு' என்று பெரியம்மா சொன்னார். பக்கத்து வீட்டு மேஷமும் எதிர்வீட்டுச் சிம்மமும் கூடத்தான் உட்கார்ந்திருந்தன. பன்னிரண்டு ராசியும் மைசெஜாத்ராவில் பதிந்துகொண்டுதான் கடைக்குப் போயின.

2025 மார்ச்சில் திருக்கணிதப்படி மகரத்துக்கு ஏழரை முடிந்தது. அண்ணன் பாரம் நிரப்ப உட்கார்ந்தார். பெரியம்மா இந்த முறை வேறு ஒருவரிடம் போனார், அவர் வாக்கியக்காரர். "இன்னும் ஒரு வருஷம் இருக்கும்மா."

பிறந்த நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் இது தனிக் கோளாறு. ஏழரைக்குப் பிறந்த நிமிஷம் அவ்வளவாகத் தேவையில்லை. லக்னத்துக்கு வேண்டும். லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி நகரும். எங்கள் அம்மா 1967 ஜூலையில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 'பெரட்டுக்கு ஆள் போய்க்கிட்டிருந்த நேரம்' என்பது பாட்டி சொன்ன கணக்கு. பத்திரத்தில் காலை 5.40. அந்த 5.40 இன்றைய 5.40 அல்ல. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னே இருந்தோம், எட்டு அல்ல. (இங்கேயும் ஒரு ஏழரை.) ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரம், ஒன்பது மணி. தாத்தா பாட்டிகளில் அந்த மூன்றரை வருஷத்தில் பிறந்தவர்களின் ஜாதகம் இன்னும் சிக்கல்.

அம்மாவுக்குப் பார்த்தவர் கணினியில் `UTC+8` என்று போட்டுக் கட்டத்தை எடுத்தார். ரிஷப லக்னம் வந்தது. ரிஷபத்துக்கு எட்டாம் அதிபதி குரு, வரப்போவது குரு தசை, 'ஒரு கண்டம் இருக்கு' என்றார். அம்மா இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை. நான் வீட்டில் `Asia/Kuala_Lumpur` என்று கொடுத்து மறுபடி போட்டேன். அதில் பழைய நேர மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. அரை மணி வித்தியாசத்தில் லக்னம் ஏழரைப் பாகை நகர்ந்து மிதுனத்துக்குப் போய்விட்டது. மிதுனத்துக்குக் குரு ஏழு, பத்துக்கு உரியவர். எட்டாம் அதிபதி என்ற அந்தப் பட்டம் இப்போது அவருக்கு இல்லை. (மிதுனத்துக்கும் குருவை வைத்து வேறொரு பயம் தயாராக இருக்கும், அது வேறு கதை.) லக்னம் இரண்டு மணிக்கு ஒன்று என்றால், அரை மணிப் பிழையில் நாலில் ஒருவருக்கு லக்னமே மாறும். மாறாதவர்களுக்கும் தசை தொடங்கும் தேதி சில மாதங்கள் தள்ளிப்போகும். பெரிய தசைகளில் ஐந்து மாதம்வரை. 1982-க்கு முன் இங்கே பிறந்த யாருக்காவது கஷ்டகாலம் சொல்லப்பட்டால், முதலில் கேட்க வேண்டியது பரிகாரம் அல்ல, எத்தனை மணி என்று போட்டீர்கள் என்பது.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். 'தம்பி, நீ கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கிறாய். கணக்கு சரியாகவே இருந்தால்? ஊழ் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?' நியாயமான கேள்வி. இதற்குத் தமிழில் மிக நன்றாக யோசித்தவர் இளங்கோ. சிலப்பதிகாரத்தின் மூன்று உண்மைகளில் ஒன்று, ஊழ்வினை செய்தவனைத் தேடி வந்தே தீரும் என்பது. பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஆனால் அந்தக் காப்பியத்தில் ஊழ் எந்த நேரத்தில், யாரிடம் சொல்லப்படுகிறது என்று நமக்கு யாரும் காட்டவில்லை.

கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான், அதன் பயன் இது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் விளக்குகிறது. எப்போது? கண்ணகி சிலம்போடு அரசவைக்குப் போய், வழக்காடி, வென்று, பாண்டியன் உயிர்விட்டு, மதுரை எரிந்த பிறகு. அவள் கிளம்புவதற்கு முன் யாரும் வந்து 'உன் கணவன் ஊழ், போகாதே, சும்மா இரு' என்று சொல்லவில்லை. ஊழ் அங்கே திரும்பிப் பார்க்கிறவருக்குச் சொல்லப்படுகிற சொல். துக்கத்தைத் தாங்க உதவுகிறது, நீதி கேட்பதை நிறுத்தவில்லை. பாண்டியனின் குற்றம் குற்றமாகவே இருக்கிறது, கோவலனின் பழவினையும் இருக்கிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

முன்கூட்டியே எச்சரிக்கை வந்த இடமும் அதே காப்பியத்தில் உண்டு. புகாரில் கண்ணகி கெட்ட கனவு காண்கிறாள். தோழி தேவந்தி பரிகாரம் சொல்கிறாள்: சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் குளித்துக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு வாழலாம். கண்ணகி, அது எனக்குப் பெருமை இல்லை என்று மறுக்கிறாள். கனவை அவள் பொய் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கனவு கெட்டது, ஒப்புக்கொள்கிறாள். பரிகாரத்தைத்தான் மறுக்கிறாள். அடுத்த கணம் கோவலன் வந்து நிற்க, சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

முடிவில் நடந்தது கேடுதானே, குளித்திருந்தால் தப்பியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். காப்பியத்தின் கணக்குப்படியே அது செல்லாது. வினை பரதனுடையது, கண்ணகி குளத்தில் மூழ்குவதால் சங்கமன் எழுந்து வரமாட்டான். குளித்திருந்தால் கிடைத்திருப்பது குளித்தோம் என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேசவில்லை. பெரியம்மா சனிக்கிழமை எள் தீபம் ஏற்றுகிறார். எண்ணெய்ச் செலவு சொற்பம், அவர் மனசு அடங்குகிறது, ஏற்றட்டும். ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளிக்கு ஹோமப் பேக்கேஜ் விற்கிறவர்களைத்தான் கேட்கிறேன்: தடுக்க முடியாததற்குப் பெயர்தான் விதி என்றால் எதை விற்கிறீர்கள்? பணத்தால் தடுக்க முடியும் என்றால் எதை விதி என்றீர்கள்?

இளங்கோவின் சொந்தக் கதை இன்னும் கூர்மை. வரந்தரு காதையில் வருவது. சேரன் அவையில் தந்தையின் பக்கத்தில் இருந்தபோது, அரியணை ஏறும் குறி இளையவனுக்குத்தான் இருக்கிறது என்று நிமித்தம் பார்த்த ஒருவன் சொல்கிறான். ஜாதகம் அல்ல, உடற்குறி. அண்ணன் செங்குட்டுவன் முகம் வாடுகிறது. இளங்கோ சொன்னவனை வெகுண்டு நோக்கிவிட்டுத் துறவு பூண்டார். அண்ணன் அரசனானான். வரலாற்றில் இது நடந்ததா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். காப்பியம் தன் ஆசிரியனைப் பற்றிச் சொல்ல விரும்பிய கதை இது. குறி சொன்னவனின் வாக்கைத் தன் செயலால் நடக்காமல் செய்த ஒருவர், ஊழை மையமாக வைத்து நூல் செய்தார். இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஊழ் என்பது செய்த வினை வந்து சேர்வது. அவையில் ஒருவன் வாய்திறந்து சொன்னது ஊழ் அல்ல, அது ஒருவன் சொன்ன கருத்து.

நாம் குழப்பிக்கொண்டது அதைத்தான். ஜோதிடர் சொன்னதை விதி என்று எடுத்துக்கொண்டோம். பிராரப்தம், ஆகாமியம் என்று கோவில் சொற்பொழிவில் கேட்டிருப்பீர்கள். பிராரப்தம் இந்தப் பிறவியில் நம்மிடம் வந்து சேர்வது. ஆகாமியம் இப்போது நாம் செய்து புதிதாகச் சேர்ப்பது. ஜாதகம் எதையாவது காட்டுகிறது என்றால் முதலாவதைக் காட்டலாம். பரீட்சைக்குப் பணம் கட்டுவது இரண்டாவது. அதைக் கட்டாமல் இருப்பதும் இரண்டாவதுதான். சும்மா இருப்பதும் ஒரு வினை, அதற்கும் கணக்கு உண்டு, அந்த 42,000 வெள்ளி போல.

சரி, கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள், நம்பிக்கையும் இருக்கிறது, என்னதான் செய்வது என்று கேட்டால் நான் அண்ணனிடம் சொன்னதைச் சொல்கிறேன். சொன்னவரிடம் போய், இதில் கிரகத்தின் இருப்பு எது, நூலில் இருக்கிற பலன் எது, உங்கள் சொந்த அறிவுரை எது என்று பிரித்துக் கேள். நல்ல ஜோதிடர் பிரித்துச் சொல்வார், கோபப்படமாட்டார். 'ஏழரை' என்றால் எத்தனையாவது சுற்று, எந்தப் பஞ்சாங்கம், என்ன தேதி வரைக்கும் என்று எழுதி வாங்கு. அந்தக் காலத்தில் என்ன நடந்தால் பலன் தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள் என்றும் கேள். நல்லது நடந்தால் பரிகாரத்தால், கெட்டது நடந்தால் சனியால் என்று வந்தால், அவர் சொன்னதில் உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

அண்ணன் போய்க் கேட்டார். அந்த வாக்கியக்காரரிடமேதான். வயசானவர், தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், நோட்டை மறுபடி புரட்டிப் பார்த்தாராம். "கெரகம் எங்க நிக்குதுன்னுதான் தம்பி எனக்குத் தெரியும். ஒங்கம்மா பயந்துபோய் வந்தாங்க, நான் கொஞ்சம் பொறுங்கன்னேன். பரீட்சைய நிறுத்தச் சொல்லி எதுலயும் எழுதல." பிறகு, ரெண்டாம் சுத்துதானே, முன்னாடியே எழுதியிருக்கலாமே என்றாராம். இதை அண்ணன் என்னிடம் சொல்லும்போது சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாரக்கடைசி வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பாதி போடுகிறேன் என்ற முதலாளி இப்போது இல்லை, முழுதும் அண்ணன் பணம். வகுப்பு சனிக்கிழமை காலை எட்டரைக்கு. பெரியம்மா அதற்கு முன் எள் தீபம் ஏற்றிவிட்டு அவருக்கு நாசி லெமாக் கட்டிக் கொடுக்கிறார்.